இருபது கிலோ என்ற கோடு: கடும் மலேரியாவில் குழந்தைக்கு எத்தனை மில்லிகிராம்?

கடும் மலேரியாவில் நினைவிழந்து வரும் மூன்று வயதுக் குழந்தைக்கு ஆர்ட்டிசுனேட் ஊசி எவ்வளவு போட வேண்டும்? மருத்துவ உலகில் இந்தக் கேள்விக்கு இன்று இரண்டு விடைகள் புழக்கத்தில் இருக்கின்றன. 20 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு 3 மி.கி. கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் ஐரோப்பிய மருந்து முகமையும் அங்கீகரித்திருப்பதோ எல்லா எடைக்கும் 2.4 மி.கி. இந்தியாவில் 2014-இல் வெளியான தேசிய வழிகாட்டியிலும் 2.4 தான் இருக்கிறது. 14 கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதல் கணக்கில் 42 மி.கி., இரண்டாவது கணக்கில் 33.6 மி.கி. வருகிறது. எட்டு மில்லிகிராம் சொச்சம் சிறிய வேறுபாடாகத் தோன்றினாலும் விகிதத்தில் அது நான்கில் ஒரு பங்கு கூடுதல்.

இரண்டு விடைக்கும் பின்னால் நேர்மையான ஆய்வு இருக்கிறது, இரண்டிலும் ஓட்டை இருக்கிறது. ஊசி நின்றபின் மாத்திரைக்கு எப்போது, எப்படி மாறுவது என்ற அடுத்த கேள்வி இதைவிடக் குறைவாகப் பேசப்படுகிறது. நோயாளிக்கு இழப்பு அதிகம் நேரக்கூடிய இடம் அதுதான் என்று கருத நியாயம் உண்டு.

குயினைனுக்குப் பிறகு

கடும் மலேரியா என்றால் பெரும்பாலும் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி. அது நுழைந்த சிவப்பணு முதல் ஒரு நாள் ரத்தத்தில் சுற்றி வருகிறது. அதற்குப் பிறகு நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. மூளையின் குழாய்களில் ஒட்டினால் வலிப்பும் கோமாவும் வருகின்றன. குயினைன் முதிர்ந்த ஒட்டுண்ணியைத்தான் நன்றாகக் கொல்லும். அந்த வேளைக்குள் அது சுவரில் ஒட்டிவிட்டிருக்கும். ஆர்ட்டிசுனேட் இளம் வளையப் பருவத்திலேயே கொல்வதால் ஒட்டுவதற்கு முன்பே ஒட்டுண்ணி அழிகிறது. இரண்டு மருந்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான்.

குயினைனில் வேறு தொல்லைகளும் இருந்தன. முதல் அளவை நான்கு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயத்துக்கு ஆபத்து. அது இன்சுலின் சுரப்பைத் தூண்டிச் சர்க்கரையையும் இறக்கிவிடும். ஏற்கெனவே சர்க்கரை தாழ்ந்து கிடக்கும் குழந்தைக்கு இது இரட்டை அடி.

2005-இல் லான்செட் இதழில் வந்த ஆசிய ஆய்வு முதல் திருப்பம். வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியான்மர் ஆகிய நாடுகளில் 1,461 நோயாளிகள் அதில் சேர்ந்தார்கள். ஒடிசாவின் ரூர்கேலாவும் ஆய்வு நடந்த இடங்களுள் ஒன்று. குயினைன் பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 விழுக்காட்டினர். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். ஆப்பிரிக்கக் குழந்தைகளில் நோயின் போக்கே வேறு: கடும் ரத்தசோகையும் வலிப்பும் அதிகம், சிறுநீரகச் செயலிழப்பு குறைவு, மரணம் வந்தால் அனுமதியான முதல் நாளிலேயே வருவது மிகுதி. ஆகவே குழந்தைகளுக்கு இந்த முடிவு பொருந்தாமல் போகலாம் என்ற வாதம் ஐந்தாண்டுகள் நீடித்தது.

2010-இல் அந்த வாதம் ஓய்ந்தது. ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில் 5,425 குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வில் மரணம் 10.9 விழுக்காட்டிலிருந்து 8.5 ஆகக் குறைந்தது. மருந்தை மாற்றியதால் மட்டும் சிகிச்சை பெற்ற நூறு குழந்தைகளில் கூடுதலாக இரண்டு பேருக்கு மேல் பிழைத்தார்கள். அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கும் ஆர்ட்டிசுனேட்டை முதல் மருந்தாக்கியது.

இந்த ஆய்வில் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்தது கிலோவுக்கு 2.4 மி.கி. தான். பின்னால் எழுந்த சர்ச்சை முழுவதும் இந்த ஒரு விவரத்தைச் சுற்றியே நகர்கிறது.

2.4 வந்த வழி

ஆர்ட்டிசுனேட் சீனாவில் பிறந்த மருந்து. பழைய முறையில் முதல் ஊசி கிலோவுக்கு 2.4 மி.கி., அதற்குப் பிறகு வந்தவை 1.2 மி.கி. ஐம்பது கிலோ எடையுள்ள பெரியவருக்கு 2.4 என்பது 120 மி.கி. ஆகிறது, அதாவது 60 மி.கி. குப்பிகள் இரண்டு. அளவு பெரியவரின் உடலுக்கும் குப்பியின் வசதிக்கும் இசைவாக அமைந்திருப்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. பின்வந்த ஆய்வுகளில் எல்லா ஊசியும் 2.4 ஆக உயர்ந்தது. குழந்தைக்கு அதே எண்ணை எடையால் பெருக்கிக் கொடுத்தார்கள்.

இப்படிப் பெருக்குவதில் ஒளிந்திருக்கும் அனுமானம், பத்து கிலோக் குழந்தை ஐம்பது கிலோ மனிதரின் ஐந்தில் ஒரு பங்கு என்பது. மருந்தை உடல் வெளியேற்றும் வேகம் அப்படி நேர்விகிதத்தில் குறைவதில்லை. உடல் சிறுக்கச் சிறுக்க, ஒவ்வொரு கிலோவும் மருந்தைக் கூடுதல் வேகத்தில் கழிக்கிறது. பல மருந்துகளில் தெரிந்த உண்மை இது. மலேரியாவிலேயே இதற்கு இன்னொரு சான்று உண்டு: டைஹைட்ரோஆர்ட்டெமிசினின்–பிப்பெராகுயின் மாத்திரையில் சிறு குழந்தைகள் குறைந்த அளவே பெறுவது தெரியவந்து, 25 கிலோவுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அளவை 2015-இல் உயர்த்தினார்கள்.

ஆர்ட்டிசுனேட் ரத்தத்தில் கலந்த சில நிமிடங்களில் டைஹைட்ரோஆர்ட்டெமிசினினாக மாறிவிடுகிறது. ஒட்டுண்ணியைக் கொல்லும் வேலையைப் பெரும்பாலும் இதுவே செய்கிறது. இதன் அளவும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். தான்சானியாவில் 70 குழந்தைகளுக்குத் தசையில் ஊசி போட்டு, ரத்தத்தில் இதன் அளவை அளந்து 2013-இல் வெளியிட்டார்கள். எடை குறைந்த குழந்தைகளில் மருந்தின் மொத்த இருப்பு தெளிவாகக் குறைவாக இருந்தது. பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்து மறு ஆண்டு வந்த பகுப்பாய்வும் அதே திசையைக் காட்டியது. சிறு குழந்தையின் உடலில் பெரிய குழந்தைக்குச் சமமாக மருந்து நிற்க வேண்டுமானால் கிலோவுக்கு 3 மி.கி. தேவை என்று அது கணித்தது. 2015-இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றது.

இரு தரப்பின் பலமும் பலவீனமும்

3 மி.கி. தரப்பின் பலவீனம் வெளிப்படையானது. 3 மி.கி. கொடுத்த குழந்தைகளையும் 2.4 கொடுத்த குழந்தைகளையும் அருகருகே வைத்து, யார் அதிகம் பிழைத்தார்கள் என்று பார்த்து எடுத்த முடிவு அல்ல அது. ரத்த அளவுகளிலிருந்து கணித மாதிரி வழியே எட்டிய முடிவு. ரத்தத்தில் மருந்து குறைவாக இருப்பதால் மரணம் கூடுகிறதா என்பதை மாதிரியால் சொல்ல முடியாது. 2.4 மி.கி. அளவிலேயே ஒட்டுண்ணிகள் வேகமாக மறைவதைப் பார்த்த மருத்துவர்கள் பலர். அதற்கு மேல் ஏற்றுவதால் என்ன கூடுதல் பயன் என்று கேட்பது தவறான கேள்வி அல்ல.

அமெரிக்க அமைப்பு 2020 மே மாதத்திலும் ஐரோப்பிய முகமை அடுத்த ஆண்டிலும் மருந்தை அங்கீகரித்தபோது 2.4 இல் நின்றன. உயிர் காத்ததற்கான நேரடிச் சான்று அந்த அளவுக்குத்தான் இருக்கிறது என்பது இந்த நிலைப்பாட்டின் பலம். பலவீனமும் அதிலேயே இருக்கிறது. குயினைனைவிட 2.4 மி.கி. ஆர்ட்டிசுனேட் மேல் என்று நிறுவுவது ஒன்று, சிறு குழந்தைக்கு 2.4 போதும் என்று நிறுவுவது வேறொன்று. ஆப்பிரிக்க ஆய்வில் ஆர்ட்டிசுனேட் பெற்றும் இறந்த 8.5 விழுக்காட்டினரில் எவருக்காவது அளவு குறைந்ததும் ஒரு காரணமா என்ற கேள்விக்கு அந்த ஆய்வின் வடிவத்திலிருந்து பதில் வராது.

கூடுதல் அளவால் தீங்கு வருமா? எண்ணெயில் கரைத்த ஆர்ட்டிமெத்தர் போன்ற மருந்துகளை அதிக அளவில் கொடுத்தபோது விலங்குகளின் மூளைத்தண்டு பாதிக்கப்பட்டது உண்மை. அவை உடலில் நெடுநேரம் தங்குபவை. நீரில் கரையும் ஆர்ட்டிசுனேட் விரைவில் வெளியேறிவிடும். மனிதரில் இந்த அளவுகளில் அப்படிப்பட்ட பாதிப்பு நிறுவப்படவில்லை. ஒருபக்கம் குறைந்த மருந்தால் உயிர் போகும் வாய்ப்பு, மறுபக்கம் நிறுவப்படாத சிறு தீங்கு. இரண்டையும் நிறுத்துப் பார்க்கும்போது, நேரடிச் சான்று இல்லாவிட்டாலும், 3 மி.கி. பக்கமே தராசு சாய்கிறது என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. ஆறு மாதத்துக்குக் குறைந்த சிசுக்களில் மட்டும் கணக்கு இன்னும் சிக்கலானது. மருந்தைக் கழிக்கும் ஈரல் நொதிகள் அவர்களிடம் முழுதாக முதிர்ந்திருக்காது. வேகமாகக் கழியும் என்ற அனுமானம் அங்கே தலைகீழாகலாம்.

கோட்டின் இருபுறமும்

20 கிலோ என்பது உடல் தானே வகுத்த எல்லை அல்ல. எடை ஏற ஏற மெல்ல மாறும் ஒன்றை, வார்டில் பயன்படுத்த வசதியாக இரண்டாக வெட்டிய இடம் அது. விளைவைப் பாருங்கள். 19 கிலோக் குழந்தைக்கு 3 மி.கி. வீதம் 57 மி.கி.; அதைவிட இரண்டு கிலோ கூடுதலான 21 கிலோக் குழந்தைக்கு 2.4 வீதம் 50 மி.கி. எடை கூடியவருக்கு மருந்து குறைகிறது.

மருத்துவமனைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் எடை அட்டவணை இந்த முரணைச் சத்தமில்லாமல் தீர்த்து வைக்கிறது. 17 முதல் 20 கிலோ வரை 60 மி.கி., அதற்கு மேல் 25 கிலோ வரையும் அதே 60 மி.கி. மேல்நோக்கி முழு எண்ணாக்குவதால் பள்ளம் மூடிவிடுகிறது. அட்டவணையை எழுதியவர்கள் சூத்திரத்தைவிட யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும். சூத்திரத்தை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கும் பயிற்சி மருத்துவர் இந்தத் திருத்தத்தைத் தவறவிடுவார்.

எடையே தெரியாதபோது எந்த அட்டவணையும் உதவாது. தராசு இல்லாத அவசரத்தில் வயதோடு நான்கைக் கூட்டி இரண்டால் பெருக்கும் வழக்கம் உண்டு. அதன்படி மூன்று வயதுக்கு 14 கிலோ வரும். மலேரியா மிகுந்த பழங்குடிப் பகுதிகளில் அதே வயதுக் குழந்தை பத்து, பதினொன்று கிலோவில் இருப்பது வியப்பில்லை. ஆர்ட்டிசுனேட்டில் இந்தப் பிழை கூடுதல் அளவின் பக்கம் விழுவதால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளலாம். அதே ஊகத்தை வைத்துக் குளுக்கோஸ், திரவம், வலிப்பு மருந்து எல்லாவற்றையும் கணக்கிட்டால் தாங்காது. அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு அம்மா மட்டும் ஏறி, கழித்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

ஒரு குழந்தையின் கணக்கு

எடுத்துக்காட்டாக, திங்கள் இரவு எட்டு மணிக்கு வலிப்போடு வரும் 14 கிலோக் குழந்தையை வைத்துக்கொள்வோம். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, விரைவுச் சோதனையில் ஃபால்சிபாரம், ரத்தச் சர்க்கரை 38. சர்க்கரையையும் வலிப்பையும் கவனிக்கும்போதே ஆர்ட்டிசுனேட் தயாராக வேண்டும்.

பரவலாகக் கிடைக்கும் 60 மி.கி. பெட்டியில் மூன்று பொருட்கள் இருக்கும்: தூள் உள்ள குப்பி, 1 மி.லி. சோடியம் பைகார்பனேட், 5 மி.லி. உப்புக்கரைசல். முதலில் பைகார்பனேட்டைத் தூளோடு சேர்த்து, இரண்டு மூன்று நிமிடம் குலுக்க வேண்டும். கலங்கல் தெளிந்து கண்ணாடிபோல் ஆனபிறகுதான் உப்புக்கரைசல் சேரும். தெளியாமல் கலங்கியே இருந்தால் அதைக் கொட்டிவிட்டு வேறு குப்பி எடுக்க வேண்டும். சாதாரண ஊசிநீரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. இப்போது குப்பியில் மொத்தம் 6 மி.லி., ஒவ்வொரு மி.லி.யிலும் 10 மி.கி.

14 கிலோவுக்கு 42 மி.கி., அதாவது 4.2 மி.லி. அட்டவணை இதை மேல்நோக்கி 5 மி.லி. ஆக்குகிறது. நிமிடத்துக்கு 3 முதல் 4 மி.லி. வேகத்தில் மெல்லச் செலுத்தினால் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். சொட்டு மருந்தோடு கலந்து மணிக்கணக்கில் ஏற்றுவது தவறு. கரைத்த மருந்து நிலைத்து நிற்காது, ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மீந்த 1 மி.லி.யைக் காலை ஊசிக்கு எடுத்துவைக்கக் கூடாது. கையில் நரம்பு கிடைக்கவில்லையென்றால் தொடைத் தசையில் போடலாம். ஆனால் அதற்குக் கரைப்பு வேறு: 2 மி.லி. உப்புக்கரைசல் மட்டும் சேர்த்து, மி.லி.க்கு 20 மி.கி. ஆக்க வேண்டும். இரண்டு கரைப்புகளையும் மாற்றிக்கொண்டால் அளவு இரு மடங்காகவோ பாதியாகவோ போய்விடும். வார்டில் நடக்கக்கூடிய பிழைகளில், 2.4-ஆ 3-ஆ என்ற விவாதத்தைவிடப் பெரியது இது.

அடுத்த ஊசி செவ்வாய் காலை எட்டு மணிக்கு, மூன்றாவது செவ்வாய் இரவு எட்டு மணிக்கு. அதற்குப் பிறகும் வாயால் சாப்பிட முடியாவிட்டால் நாளுக்கு ஒன்று. குழந்தை செவ்வாய் மதியமே கண் விழித்துத் தண்ணீர் கேட்டாலும் மூன்றாவது ஊசியை விடக்கூடாது. குறைந்தது 24 மணி நேரம், குறைந்தது மூன்று ஊசி என்பது விழிப்பைப் பொறுத்து மாறாத விதி.

ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் முயற்சியும் நடந்தது. ஆப்பிரிக்காவில் ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளிடம், வழக்கமான ஐந்து ஊசிக்குப் பதிலாக நாளுக்கு ஒன்றாக 4 மி.கி. வீதம் மூன்று ஊசி போட்டுப் பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். ஒட்டுண்ணியைக் குறைப்பதில் தசை வழி மூன்று ஊசி வழக்கமான முறைக்குத் தாழ்வில்லை என்று தெரிந்தது. ரத்தக்குழாய் வழி மூன்று ஊசிக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. அளவுகோல் ஒட்டுண்ணியின் எண்ணிக்கைதானே தவிர மரணம் அல்ல. வழிகாட்டிகள் மாறவில்லை.

மாத்திரைக்கு மாறும் நேரம்

ஊசிக்குப் பிறகு ஏன் மூன்று நாள் மாத்திரை முழுதாக வேண்டும்? இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒட்டுண்ணியின் ஒரு பிறப்புச் சுற்று இரண்டு நாள். ஆர்ட்டெமிசினின் வகை மருந்து ஒரு சுற்றில் ஒட்டுண்ணிகளை ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைக்கிறது. கடும் நோயில் உடலில் ஒரு லட்சம் கோடி ஒட்டுண்ணிகள் இருக்கலாம். முதல் சுற்று முடிவில் அது பத்துக் கோடி, இரண்டாவதில் பத்தாயிரம், மூன்றாவதில்தான் ஒன்றிரண்டு. ஆக ஆர்ட்டெமிசினினை மட்டும் நம்பினால் ஆறு நாளுக்கு மேல் தொடர வேண்டும். ஆசிய ஆய்வில் ஊசியையும் மாத்திரையையும் சேர்த்து ஏழு நாள் ஆர்ட்டிசுனேட் கொடுத்ததன் தர்க்கம் இதுவே. ஏழு நாள் மாத்திரையை வீட்டில் முழுதாகக் கொடுக்கும் குடும்பம் அரிது. ஆகவே உடலில் பல நாள் தங்கும் துணைமருந்து ஒன்றைச் சேர்த்து, மூன்று நாளில் முடியும் கூட்டு மாத்திரைக்கு உலகம் மாறியது. எஞ்சிய பத்தாயிரத்தைத் துணைமருந்து கவனித்துக்கொள்கிறது.

இந்தக் கணக்கு தெரிந்தால், ஊசி போட்ட நாட்களை மாத்திரை நாட்களிலிருந்து கழிப்பது ஏன் தவறு என்பதும் விளங்கும். இரண்டு நாள் ஊசி போட்டாயிற்று, மாத்திரை ஒரு நாள் போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஊசியில் துணைமருந்து இல்லை. அதன் மூன்று நாள் அளவு முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

மேலே கண்ட குழந்தை செவ்வாய் இரவு கடைசி ஊசி பெற்றது. கூட்டு மாத்திரையின் முதல் அளவு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், அதாவது புதன் விடியற்காலை நான்கு மணிக்கும் காலை எட்டு மணிக்கும் இடையில். ஆர்ட்டிமெத்தர்–லூமஃபான்ட்ரின் என்றால் 5 முதல் 15 கிலோவுக்குள் ஒரு வேளைக்கு ஒரு மாத்திரை. இரண்டாவது அளவு எட்டு மணி நேரத்தில், பிறகு நாளுக்கு இரண்டு வேளை, மொத்தம் ஆறு வேளை. லூமஃபான்ட்ரின் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் நன்றாக உறிஞ்சப்படும். பால் ஒரு டம்ளரோ தாய்ப்பாலோ கூடப் போதும். நோயிலிருந்து இப்போதுதான் எழுந்த குழந்தை வெறும் தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டு, சாப்பிடாமல் தூங்கினால் மருந்தில் பெரும்பகுதி வீண். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த அளவைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

மாத்திரையிலும் எடைக் கோடு உண்டு, அது இன்னும் கூர்மையானது. 14 கிலோவுக்கு வேளைக்கு ஒரு மாத்திரை, 15 கிலோவுக்கு இரண்டு. ஆறு வேளை சேர்த்துப் பார்த்தால் முதல் குழந்தை கிலோவுக்கு 51 மி.கி. லூமஃபான்ட்ரின் பெறுகிறது, இரண்டாவது 96 மி.கி. இரண்டும் ஏற்கப்பட்ட வரம்புக்குள்தான் இருக்கின்றன. ஆனாலும் ஊசியில் கால் பங்கு வேறுபாட்டுக்கு இத்தனை விவாதம் நடக்கும்போது, மாத்திரையில் ஏறக்குறைய இரு மடங்கு வேறுபாடு சத்தமின்றி நிற்கிறது.

எந்தக் கூட்டு மாத்திரை என்பது நாட்டைப் பொறுத்தது. இந்தியாவில் வடகிழக்கு மாநிலங்களில் துணைமருந்தான சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமின் பலன் குன்றியதால் 2013 முதல் அங்கே ஆர்ட்டிமெத்தர்–லூமஃபான்ட்ரின். மற்ற மாநிலங்களில் ஆர்ட்டிசுனேட்டோடு சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமின், வயதுக்கொரு நிறமுள்ள அட்டையில் வந்தது. ஒன்று முதல் நான்கு வயதுக்கு மஞ்சள் அட்டை. ஊசி எடையைப் பார்த்து, மாத்திரை வயதைப் பார்த்து என்ற இந்த முறையில், ஒரே குழந்தை இரண்டு அளவுகோலுக்கு இடையே மாறுகிறது. மெலிந்த குழந்தையில் இரண்டும் ஒத்துப்போகாது. கோமாவிலிருந்து மீண்ட குழந்தைக்கு மெஃப்ளோகுயின் உள்ள மாத்திரையைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். மனக்குழப்பம், வலிப்பு போன்ற பின்விளைவுகள் அதில் கூடுவதே காரணம்.

வீடு திரும்பிய பிறகு

2018 முதல் 2020 வரை காங்கோ, நைஜீரியா, உகாண்டா நாடுகளில் நடந்த காராமல் திட்டம் கிராமத்தில் ஆசனவாய் வழி ஆர்ட்டிசுனேட் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்பிய குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தது. மருத்துவமனையை அடைந்தவர்களிலும் கணிசமானோர் ஊசியையும் முழு மாத்திரையையும் சேர்த்துப் பெறவில்லை. ஆர்ட்டெமிசினின் மட்டும் பெற்று வீடு திரும்பும் குழந்தைக்கு நோய் திரும்பும் வாய்ப்பு உண்டு. அதைவிட, அரைகுறையாகத் தாக்கப்பட்டுத் தப்பிய ஒட்டுண்ணி அடுத்த கொசுவுக்குப் போகிறது.

இந்தக் கவலைக்கு இப்போது புதிய அடிப்படை சேர்ந்திருக்கிறது. உகாண்டாவின் ஜிஞ்சாவில் சிக்கலான மலேரியாவோடு அனுமதியான 100 குழந்தைகளை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார்கள். 11 பேரில் ஊசி மருந்துக்கு ஒட்டுண்ணி மெதுவாகவே அழிந்தது. ஆர்ட்டெமிசினினுக்கு அரைகுறை எதிர்ப்பு என்று இதைச் சொல்கிறார்கள். அரைகுறை என்பதால் மருந்து தோற்றுவிட்டது என்று பொருளில்லை. ஆனால் முதல் சுற்றில் அழியாமல் எஞ்சும் எண்ணிக்கை பெரிதாகும்போது, துணைமருந்தின் தோளில் ஏறும் பாரமும் பெரிதாகிறது. 2.4-ஆ 3-ஆ என்ற பழைய கேள்விக்கும் இதனால் புது அவசரம் வருகிறது. 2010-இன் ஒட்டுண்ணிக்குப் போதுமாக இருந்த அளவு இன்றைய ஒட்டுண்ணிக்கும் போதும் என்று அந்தப் பழைய ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொரு பின்விளைவு ரத்தத்தில். ஆர்ட்டிசுனேட்டால் செத்த ஒட்டுண்ணியை மண்ணீரல் சிவப்பணுவுக்குள்ளிருந்து பிடுங்கி எடுத்துவிட்டு, அணுவைத் திரும்ப ரத்தத்தில் விடுகிறது. அப்படிப் பிழைத்த அணுக்களின் ஆயுள் குறைவு. ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் அவை மொத்தமாக உடைகின்றன. ஒட்டுண்ணி மிகுந்து வந்தவர்களில் அப்போது ஹீமோகுளோபின் சட்டென்று விழும். குழந்தை தேறி விளையாடிக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாம் வாரத்தில் மறுபடி வெளிறுகிறது, சோர்கிறது, சிறுநீர் கறுக்கிறது. மலேரியா திரும்பியதா, ரத்தம் உடைகிறதா என்பதை ரத்தப்பூச்சும் ஹீமோகுளோபின் அளவும்தான் சொல்லும். விரைவுச் சோதனை பழைய நோயின் எச்சத்துக்கே வாரக்கணக்கில் நேர்மறை காட்டும் என்பதால் அதை நம்ப முடியாது. இந்த ரத்த உடைவு மருந்தை மறுக்கக் காரணம் ஆகாது. ஒட்டுண்ணி வேகமாக அழிந்ததன் விலை அது. ஆனால் வீடு திரும்பும் நாளிலேயே 7, 14, 28-ஆம் நாட்களுக்கு ரத்தப் பரிசோதனையைக் குறித்துக் கொடுக்க இது போதிய காரணம்.

தீராத கேள்விகள்

சிறு குழந்தையில் 3 மி.கி. கூடுதல் உயிர்களைக் காக்கிறதா என்பதற்கு நேரடி விடை விரைவில் வரும் என்று தோன்றவில்லை. மரண விகிதத்தில் அத்தனை சிறிய வேறுபாட்டைக் காட்ட 2010 ஆய்வைவிடப் பெரிய ஆய்வு தேவைப்படும். ஒட்டுண்ணி அழியும் வேகத்தை அளவுகோலாகக் கொண்டு, எதிர்ப்பு பரவிய பகுதிகளில் நடத்தினால் சிறிய ஆய்விலும் ஏதேனும் தெரியவரலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கும் கடுமையாக மெலிந்த குழந்தைக்கும் சரியான அளவு எது, எதிர்ப்பு உள்ள இடத்தில் மூன்று நாள் மாத்திரை போதுமா என்பவையும் திறந்தே கிடக்கின்றன.

அதுவரை வார்டில் இருப்பவர் தம் நாட்டு வழிகாட்டி சொல்லும் எண்ணைப் பின்பற்றுவதே முறை. அது 2.4 ஆனாலும் 3 ஆனாலும், எடை போட்டு, சரியாகக் கரைத்து, மூன்று ஊசியையும் நேரத்தில் போட்டு, முழுக் கூட்டு மாத்திரையையும் கையில் கொடுத்து அனுப்பினால் குழந்தைக்குக் கிடைக்கும் நன்மை, இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரிது. அந்த மாத்திரையின் முதல் அளவை வார்டிலேயே, பாலோடு, செவிலியர் கண்முன் கொடுத்துவிட்டு அனுப்ப வேண்டும்.